கொல்லையில் வைத்த வாழைக்கன்றும் தார் வெட்டும் பக்குவமும்: அனுபவப் பகிர்வு

கொள்ளிடக்கரை

லால்குடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் கொல்லை 20 அடிக்கு 15 அடிதான். சென்ற ஆடியில் அதில் பூவன் கன்றுகள் வைத்தேன். அவற்றுள் ஒன்று இப்போது தார் விட்டிருக்கிறது. கன்று கேட்பவர்கள் பெரும்பாலும் இலை அகன்று பார்வைக்குச் செழிப்பாக நிற்பதையே கேட்கிறார்கள். அதன் கிழங்கு சிறியது, தாய்க்கிழங்கோடு அதற்குள்ள பிடிப்பும் மேலோட்டமானது என்பதால், மரம் தேறத் தாமதமாகும், தாரும் சிறுத்துவிடும். அடி பருத்து, இலை ஒடுங்கி நிற்கும் ஈட்டிக் கன்றையே பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை கிலோ இருந்தது. பழைய வேர்களை நீக்கிவிட்டு, கிழங்கின் மேற்பரப்பை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவினேன். ஒரு கிழங்கில் கறுத்த துளை உள்ளே போனதால், வண்டு குடைந்தது என்று தெரிந்து அதை ஒதுக்கிவிட்டேன்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மட்கிய எருவையும் ஓரிரு பிடி வேப்பம் பிண்ணாக்கையும் மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, கிழங்கு முழுவதும் மண்ணுக்குள் இருக்கும்படி வைத்துச் சுற்றிலும் நன்றாக மிதித்தேன். மண் இளகிக் கிடந்தால் அந்த இடைவெளியில் நீர் தங்கிக் கிழங்கு அழுகும்.

இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்துக்கு மரம் 6 அடி என்பது வயல் கணக்கு; கொல்லையில் அதைவிட முக்கியமானது மதிலுக்கும் கன்றுக்கும் உள்ள தூரம். இன்று நட்ட இடத்திலேயே வாழை நிற்பதில்லை. அடுத்த மரமாக நாம் விடும் பக்கக்கன்று ஓர் அடி தள்ளி எழும், அதன் கன்று இன்னும் தள்ளி எழும். மதிலுக்கு இரண்டடியில் வைத்தால் மூன்றாம் தலைமுறை சுவரில் சாய்ந்து நிற்கும், காற்றில் தார் உரசிக் காய்த்தோல் கறுக்கும். ஆகவே 4 அடி விட்டேன். தாரை எப்போது வெட்டுவது என்று நீங்கள் எப்படிக் கண்டுகொள்கிறீர்கள்?

மண்டிக்காரர்

ஐயா, வாழை மண்டியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாருக்கு முன்னால் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காய் பருப்பதும் வெடிப்பதும் அதனால்தான். வாழையின் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுகின்றன. தண்டின் அடியில் குடத்தைக் கவிழ்ப்பது கிழங்கை நனைக்குமே தவிர வேருக்குப் போய்ச் சேராது. தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டப்பாத்தி எடுத்து அதில் விடுங்கள். நட்ட அன்று ஒரு தண்ணீர், நான்காம் நாள் உயிர்த்தண்ணீர், அதன் பிறகு மண்ணைப் பார்த்து விட வேண்டும். வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் வரை தேவைப்படும், ஆனால் களிமண்ணில் அதே அளவை ஊற்றினால் வேர் மூச்சடைக்கும். அடியிலைகள் மஞ்சளாகித் தொங்குவது வறட்சியிலும் நடக்கும், நீர் தேங்கினாலும் நடக்கும். இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு சாண் தோண்டி மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

தார் வெளிவந்த பிறகு காயவிட்டு, திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் முதிர்ந்த காயின் தோல் வெடித்துவிடும். அரிசி கழுவிய தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் நல்லவையே, ஆனால் துணி சோப்பு நீரை வாய்க்கால் கட்டி வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

இனித் தார். அது தலைகாட்டிய நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பூவனுக்கு அன்றிலிருந்து மூன்று முதல் நான்கு மாதம் ஆகும், பனிக்காலம் குறுக்கே வந்தால் இன்னும் சில நாள் நீளும். கடைசிச் சீப்பும் விரிந்து பிஞ்சு நிலைத்தபின், தொங்கும் பூவை ஒடித்துக் கறிக்கு எடுத்துக்கொள்ளலாம், அந்தச் சத்து காய்க்குப் போகும். கணக்குப்படி நாள் நெருங்கும்போது முதல் சீப்பைப் பாருங்கள், அதுதான் மூத்தது. கரும்பச்சை வெளுத்து இளம்பச்சையாகும், காயின் விளிம்புகள் மழுங்கும், நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூ விரலால் தொட்டாலே உதிரும். இவை மூன்றும் சேர்ந்து தெரிந்தால் வெட்டலாம். ஒன்றை மட்டும் நம்பி வெட்ட வேண்டாம்.

தோட்டப்பிரியர்

இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எந்த வாழையானாலும் விளிம்பு முழுவதும் மறைந்து காய் உருண்டையாகிவிட்டால் முற்றியது, விளிம்பு தெரிந்தால் முற்றவில்லை. எங்கள் வீட்டுக் கற்பூரவல்லியில் இந்த ஒரே அடையாளத்தைத்தான் பார்க்கிறோம், ஒருபோதும் தவறியதில்லை.

மார்த்தாண்டம் ஆசிரியை

கற்பூரவல்லிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அதை எங்கள் நேந்திரனில் வைத்துப் பார்த்தால் பழுத்து விழும்வரை காத்திருக்க நேரும். நேந்திரனும் மொந்தனும் நன்றாக முற்றிய பிறகும் விளிம்போடுதான் இருக்கும். அவற்றில் விளிம்புகளுக்கு இடைப்பட்ட பக்கம் தட்டையாக இருந்தது சற்றே புடைத்து வருகிறதா என்றும், நிறம் வெளுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிப்ஸ் போட நேந்திரனை எடுப்பவர்கள் பழத்துக்கு விடுவதைவிட முன்னதாகவே வெட்டுவார்கள், ஆகையால் முற்றியதா என்ற கேள்விக்கு, எதற்கு வெட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

மாடித்தோட்டம், சென்னை

என் வீட்டில் பெரிய தொட்டியில் திசு வளர்ப்பு வாழை வைத்திருக்கிறேன். விருந்துக்கு இலை அறுப்பது எப்போது என்று யாராவது சொல்ல முடியுமா? ஒவ்வொரு வாரமும் ஓர் இலை அறுத்து வருகிறேன், இன்னும் தார் வரவில்லை.

மண்டிக்காரர்

அம்மா, இங்கே பேச்சு தார் வெட்டுவதைப் பற்றியது. ஆனாலும் உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வாரம் ஓர் இலை அறுத்தால் மரம் எதைக் கொண்டு தாரை வளர்க்கும்? தாருக்காக வைத்த மரத்தில் பச்சை இலையைத் தொடாதீர்கள், காய்ந்த சருகை மட்டும் எடுங்கள். இலைக்கென்று தனி மரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை அம்மா சொன்னது சரி. பூவனிலும் விளிம்பு முழுவதும் மறையும்வரை காத்திருந்தால், அணிலும் வவ்வாலும் நமக்கு முந்திவிடும். முதல் சீப்பில் ஒரு காய் மஞ்சள் காட்டினால் அன்றே வெட்டிவிடுங்கள். ஒருவர் தாரைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மார்பு உயரத்தில் தண்டைப் பாதிவரை வெட்டினால் மரம் மெல்லச் சாயும். முதல் சீப்புக்கு மேல் ஒரு சாண் காம்பு விட்டு அறுத்து, தாரைச் சருகின் மேல் வையுங்கள். பால் வடிந்து நிற்கும்வரை கழுவவோ அடுக்கவோ வேண்டாம். மிஞ்சிய தண்டை உடனே அடியோடு வெட்டாமல் சில வாரம் விட்டால், அதிலுள்ள நீரும் சத்தும் பக்கக்கன்றுக்கு இறங்கும்.

கொள்ளிடக்கரை

நன்றி ஐயா. தாருக்கு மூங்கிலால் கவட்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அது மதில் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தாய்க்கிழங்கிலிருந்து கன்றை வெட்டிய தழும்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் தார் வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தழும்பை மதில் பக்கம் வைத்தே நட்டேன், அப்படியும் தார் மதிலை நோக்கியே வந்திருக்கிறது.

மார்த்தாண்டம் ஆசிரியை

எங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் முறைப்படியே வருகிறது, ஆனால் மறுதாம்பில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

மண்டிக்காரர்

அந்தத் தழும்புக் கணக்கை நான் நம்புவதில்லை. வெயில் எந்தப் பக்கம் அதிகம் விழுகிறது, மதில் நிழல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த கன்றை வைக்கும்போது கிழங்கில் தழும்பின் திசையைக் குறித்து வைத்து, தார் வந்ததும் இங்கே எழுதுங்கள்.