விவாதத்துக்கு என் பேச்சு: ஆற்றில் அணை

உறவுகளுக்கு வணக்கம்.

ஒன்றுகூடலில் மின்சாரத்துக்காக எங்கள் ஆற்றில் அணை கட்டுவதற்கு எதிராகப் பேச என்னைப் போட்டிருக்கிறீர்கள், பேசப்போவதை முதலே அனுப்புகிறேன், பிழை இருந்தால் இப்பவே பிடியுங்கோ. சாந்தி அக்கா, இது இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கிற கதை இல்லை, அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.

நோர்வே மாதிரி நாங்களும் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாம் என்று ஒஸ்லோவிலிருந்து குமார் அண்ணை எழுதினது பாதி சரி. நோர்வேயில் கரண்ட் பெரும்பாலும் தண்ணீரில்தான் வருகிறது, ஆனால் அது மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர். செக்கனுக்கு 10 கனமீட்டர் 500 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 40 மெகாவாட். அதே தண்ணீர் எங்கள் 10 மீட்டர் அணையில் இறங்கினால் 800 கிலோவாட்தான், அதுவும் மாரியில். கோடையில் ஆறு வெறும் மணல். சேர்த்து வைத்ததை வயலுக்குத்தான் திறப்பார்கள், விளக்கு எரியட்டும் என்று யார் துருசு திறப்பார்?

அணை ஆற்று மணலை மறிக்குமே என்றால், அடியில் துருசு வைத்தால் மணலும் போய்விடும் என்கிறார் அண்ணை. மணல் அணைக்கட்டு வரைக்கும் வந்தால்தானே! ஆறு குளத்துக்குள் நுழைந்து வேகம் குறைகிற இடத்திலேயே அது படுத்துவிடும், கட்டுவரை வருவது களிதான். துருசு தன் வாயைச் சுற்றி ஒரு குழியளவுக்குத்தான் இழுக்கும். மீதியைக் கழுவக் குளத்தை வெறுமையாக்க வேண்டும், விதைத்தவன் விடுவானா? மணல் வராத தண்ணீர் கீழே ஆற்றின் அடியை அரிக்கும், படுக்கை தாழத் தாழக் கரையோரக் கிணறுகளும் இறங்கும். பாலத்தூணின் அத்திவாரம் வெளியே தெரிந்தால், மருதமர வேர் அந்தரத்தில் தொங்கினால், நடக்கிறது அதுதான்.

சின்னையா மாமா, அணையால் மீனுக்குக் குறைவில்லை என்கிறீர்கள். குளம் வான் பாய்கையில் கீழே சாக்கோடு நின்று மீன் அள்ளினீர்கள், சரி. அதில் குளத்திலிருந்து விழுந்ததும் இருக்கும், ஆனால் மேலே ஏற வந்து கட்டில் முட்டி நின்றதும் இருக்கும்.

மீன் ஏற அணையில் படிக்கட்டு வைக்கலாம் என்பது சால்மனுக்குச் சரி, அது துள்ளும். எங்கள் விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரிக் குஞ்சாக ஆற்றுக்குள் வந்து, ஈரமான சொரசொரப்பில் ஊர்ந்து ஏறுகிற சாதி. தும்பு பதித்த சரிவு ஒன்று போதும், பெரிய செலவில்லை. வில்லங்கம் இறங்கும்போதுதான். பல வருடம் கழித்து முட்டையிடக் கடலுக்குத் திரும்புகையில் அது தண்ணீர் இழுக்கிற பக்கமே போகும், அங்கே டர்பைன். அந்த நீள உடம்பு அலகில் பட்டால் முறியும். கம்பித் தட்டியை நெருக்கிப் போட்டால் சருகு அடைத்து, இருக்கிற 800 கிலோவாட்டும் குறையும். வானால் இறங்கலாம்தான், மழை குறைந்த வருடத்தில் வான் ஏது?

அணை வயலுக்கு என்று தலைப்பு வைத்திருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். நீங்கள் மின்சாரம் என்று போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு 7 நிமிடம்தானாம். மணலை வெட்டவா விலாங்கை வெட்டவா, சொல்லுங்கோ.