பாமசி இணையத்தளம்: மருந்துச்சீட்டுப் பதிவேற்றத்துக்கு உதவி தேவை

வணக்கம். வெள்ளவத்தையில் உள்ள எங்கள் பாமசிக்கு இணையத்தளம் அமைக்கிறோம். மருந்துச்சீட்டின் படத்தை ஏற்றியதும் அது ஓடராகிவிடக் கூடாது என்பதில் நான் உறுதி. மங்கலான படத்தில் மெட்போர்மின் 500 மி.கி. என்பது 850 மி.கி. போலத் தெரியலாம். அதனால் மருந்தாளர் பார்த்து, சந்தேகமென்றால் வைத்தியரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் பணம் செலுத்தும் பக்கம் திறக்க வேண்டும். மருந்துப் பக்கத்திலும் பொதுப்பெயர், அளவு, சேமிக்கும் முறை போதும்; விளம்பர வசனம் வேண்டாம்.

அப்புறம் டெலிவரி. திறக்காத இன்சுலின் 2–8 பாகையில் இருக்க வேண்டும், ஐஸில் நேரடியாகப் பட்டு உறையவும் கூடாது. எனவே அதைக் கொழும்பு 3 முதல் 6 வரை மட்டும், எங்கள் ஆளே கொண்டுபோவார். அவர் மூலச்சீட்டைப் பார்த்து, கொடுத்த அளவை அதில் குறிக்காவிட்டால், அதே சீட்டின் படம் இன்னொரு ஓடருக்கு மறுபடி வரும்.

வூகொமர்ஸில் இந்த இடைநிறுத்தத்தையும் மருந்துவாரியான டெலிவரி எல்லையையும் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சீட்டுப் படங்களைப் பொதுக் கோப்புறையில் வைக்காமல் எப்படிப் பாதுகாத்தீர்கள்?