மிஷின் ஆயுசு குறைஞ்சா பழைய வருஷ டெப்ரிசியேஷன திருத்தணுமா?

நிட்டிங்_அக்கவுண்ட்ஸ்: திருப்பூர்ல பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட், இன்ட் ஏஎஸ் கிடையாது. 2018 ஏப்ரல்ல 60 லட்சத்துக்கு ஒரு இம்போர்ட் நிட்டிங் மிஷின் வாங்கினோம். ஆயுசு 15 வருஷம், கடைசில வித்தா வர்ற ரெசிடுவல் 3 லட்சம், ஸ்ட்ரெயிட் லைன். போன நவம்பர் (2024) கடைசில மிஷின் கம்பெனிக்காரங்க கன்ட்ரோலர் போர்டு இனிமே தயாரிக்கல, கையில உள்ள ஸ்டாக்தான்னு லெட்டர் போட்டாங்க. எங்க இன்ஜினியர் 2029 மார்ச் வரைக்கும்தான் ஓடும்ங்கறார். அப்போ ஆறு வருஷமா கம்மியா போட்டுட்டோமே, அந்த வித்தியாசத்த எங்க போடறது?

பழைய_லெட்ஜர்: தம்பி, மொத்த ஆயுசு 11 வருஷம்னு ஆயிடுச்சுன்னா முதல்லேர்ந்து திரும்ப போடணும். நான் 90கள்ல ஆர்டிக்கிள்ஷிப் பண்ணப்போ அப்படித்தான் செஞ்சோம், பற்றாக்குறைய அந்த வருஷம் பி அண்ட் எல்லுக்கு கொண்டு போவோம். இல்லாட்டி ஆறு வருஷ லாபம் பொய்தானே?

மேட்டுப்பாளையம்_சிஏ: அண்ணா, நீங்க சொல்றது டெப்ரிசியேஷனுக்கு இருந்த பழைய ஸ்டாண்டர்ட் ஏஎஸ் 6ல மெத்தட் மாத்தும்போது செஞ்சது, அதாவது ஸ்ட்ரெயிட் லைன்லேர்ந்து டபிள்யூடிவிக்கு போறப்போ. ஆயுசு மாறினா அப்பவும் மிச்ச தொகைய மிச்ச வருஷத்துக்கு பிரிக்கறதுதான். 2016ல ஏஎஸ் 10 திருத்தி வந்ததுக்கு அப்புறம் மெத்தட் மாத்தறதுகூட எஸ்டிமேட் மாற்றம்தான்.

தம்பி, உங்க கணக்க பாருங்க. வருஷத்துக்கு 3.8 லட்சம், ஆறு வருஷத்துக்கு 22.8. 2024 மார்ச் 31ல புக்ல 37.2 நிக்குது. இந்த 37.2ஐ தொடாதீங்க. இன்னிக்கு வித்தா என்ன வரும்னு புரோக்கர்ட்ட கேட்டீங்களா, அதாவது இன்னும் அஞ்சு வருஷம் ஓடி முடிஞ்ச நிலைமைல?

நிட்டிங்_அக்கவுண்ட்ஸ்: இதே மாடல், 11 வருஷம் ஓடினது, 4.2 போகுதுன்னாரு. ஸ்பேர்சுக்குன்னே எடுக்கறாங்களாம்.

மேட்டுப்பாளையம்_சிஏ: அப்போ 37.2ல 4.2 போக 33, அஞ்சு வருஷத்துக்கு பிரிச்சா வருஷம் 6.6 லட்சம், அவ்ளோதான். 3.8 இருந்த எடத்துல 6.6, அந்த 2.8 கூடுதல நோட்ஸ்ல சொல்லுங்க. 4.2ங்கறது 60ல 7 சதவீதம், கம்பெனிச் சட்டம் ஷெட்யூல் 2 சொல்ற 5 சதவீதத்த தாண்டுது, ஆயுசும் வேற, அதனால ரெண்டுக்கும் டெக்னிக்கல் ஆதாரம் வேணும், இன்ஜினியர்ட்ட தேதி போட்டு எழுதி வாங்கி வைங்க.

பழைய_லெட்ஜர்: சரி, ஆனா மனசு ஒப்பல. 11 வருஷம், 4.2ன்னு ஆரம்பத்துலேர்ந்து போட்டிருந்தா இன்னிக்கு 30.4 கழிஞ்சிருக்கும். 7.6 லட்சத்த வரப்போற வருஷங்க தலைல கட்டறோம்.

மேட்டுப்பாளையம்_சிஏ: அண்ணா, 2019ல உக்காந்து 15 வருஷம்னு சொன்னவர் எத பாத்து சொன்னார்? அப்ப போர்டு கிடைச்சுது, மிஷின் நல்லா ஓடுச்சு. அவர் சொன்னது அன்னிக்கு சரி. புது சேதி 2024 நவம்பர்ல பொறந்தது, அதோட பாரம் அதுக்கு அப்புறம் உள்ள வருஷங்களுக்குத்தான். அதே லெட்டர் 2020லயே வந்து யாரோ டிராயர்ல போட்டு மறந்திருந்தா கதையே வேற, அது எஸ்டிமேட் இல்ல, தப்பு. ஏஎஸ் 5ல பிரையர் பீரியட் ஐட்டமா தனியா காட்டணும். ஆடிட்டர் கேக்க வேண்டிய கேள்வி எவ்ளோ வித்தியாசம்ங்கறது இல்ல, எப்ப தெரியும்ங்கறது.

லாரி_ஓனர்: என் லாரிக்கு ஆடிட்டர் ஒரே பர்சன்டேஜ்தான் வருஷா வருஷம் போடறாரு, ஆயுசு பத்தி கேட்டதே இல்லயே? நானும் மாத்தலாமா?

மேட்டுப்பாளையம்_சிஏ: அது இன்கம்டாக்ஸ் பிளாக்குங்க, அதுல ஆயுசு மதிப்பீடே கிடையாது, ரேட் சட்டத்துல இருக்கு. இங்க பேசறது கம்பெனி புக்.

டையிங்_மேனேஜர்: எங்க யூனிட்ல ஒம்பது மிஷின் 5 சதவீதத்துல நிக்குது, எல்லாமே மூணு ஷிப்ட் ஓடுது. புக்ல ஏத்த முடியுமா?

மேட்டுப்பாளையம்_சிஏ: ஆயுச மாத்தி, கழிச்ச டெப்ரிசியேஷன திருப்பி ஏத்த முடியாதுங்க. ரெசிடுவலுக்கு வந்து நின்னாச்சு, பழசு திரும்பாது. மூணு நாலு வருஷம் முன்னாடியே யாராவது ஃப்ளோர்ல நடந்து பாத்திருந்தா ஆயுச நீட்டி மிச்சத்த மெதுவா கழிச்சிருக்கலாம். வருஷக் கடைசில பாக்கணும்னு வச்சதே இதுக்குத்தான், நிறைய பேர் போன வருஷ ஷீட்ட காப்பி பண்ணி தேதிய மட்டும் மாத்தறாங்க, அதுதான் எனக்கு ஆத்திரம்.

பழைய_லெட்ஜர்: ஒண்ணு கேக்கறேன். சேதி நவம்பர் கடைசிலதான வந்தது? ஏப்ரல்லேர்ந்தே 6.6 எப்படி போடறீங்க? எட்டு மாசம் பழைய ரேட், டிசம்பர்லேர்ந்து புதுசுன்னா இந்த வருஷம் 4.88தான் வருது, போட்டு பாத்தேன்.

மேட்டுப்பாளையம்_சிஏ: கணக்கு சரிதான் அண்ணா, நான் ஆடிட் பண்ற எடங்கள்ல வருஷ ஆரம்பத்துலேர்ந்து எடுக்கறாங்க, ஆனா உங்க வாதத்துலயும் நியாயம் இருக்கு. 1.7 லட்சம் வித்தியாசம் இவங்களுக்கு பெருசான்னு பாக்கணும்.

நிட்டிங்_அக்கவுண்ட்ஸ்: லாபமே இந்த வருஷம் 9 லட்சம்தாங்க, பெருசுதான். ரெண்டு ஷீட்டும் போட்டு திங்கக்கிழமை ஆடிட்டர்ட்ட காட்டறேன்.