ஸோட்டீரோவில் இனிஷியலும் பெயரும் இடம் மாறுகின்றன

ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலை ஏபிஏ 7-லிருந்து வான்கூவருக்கு மாற்றுகிறேன். ஸோட்டீரோ 7, விண்டோஸ். அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டும்.

டிஓஐ எண்களை ஒட்டி எல்லாப் பதிவுகளையும் புதிதாக எடுத்தேன். ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் சரி. `2019a` என்று ஒட்டியிருந்த எழுத்துகளும் போய்விட்டன. இதழ்ப் பெயர்ச் சுருக்கத்துக்கு மெட்லைன் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தேன், அதுவும் வருகிறது.

சிக்கல் நம்மூர்ப் பெயர்களில்தான். பதிப்பகத் தரவிலேயே குடும்பப்பெயர்க் கட்டத்தில் `S`, முதற்பெயரில் `Kumaran` என்று இருப்பதால், `Kumaran S` என வரவேண்டியது `S K` என்று வருகிறது. இப்படி விட்டால் ஆசிரியர் யாரென்றே தெரியாது. ஆசிரியர் வரிசை மட்டும் மாறவில்லை. ஒவ்வொருவராக வலது கிளிக்கில் மாற்ற முடிகிறது, ஆனால் பட்டியல் மிக நீளம்.

குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஒற்றை எழுத்து உள்ள ஆசிரியர்களை மட்டும், வரிசை குலையாமல், மொத்தமாக இடம் மாற்ற வழி உண்டா?