புதுப்பிப்பு: அப்பாவின் குத்தகை நிலம்

"அப்பா இறந்துவிட்டார், அவர் பயிரிட்ட நிலத்தின் குத்தகை எங்களுக்கு வருமா?" (சுங்கை சிப்புட், மலேசியா)

நான் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி உதவிய எல்லாருக்கும் நன்றி. வராதாம்.

முதலில் தாளைப் பாருங்கள் என்று பழைய கிராணி அண்ணன் சொன்னதுதான் பலித்தது. அப்பாவிடம் இருந்தது அரசு நிலத்துக்கான டி.ஓ.எல்., அதாவது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமம், அதை யாருக்கும் மாற்ற முடியாது, வைத்திருப்பவர் இறந்ததும் முடிந்துவிடும். டிசம்பர் 31 வரை பணம் கட்டியிருந்தும் அப்படித்தான், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

வாரிசுக்குக் கட்டாயம் போகும் என்று அடித்துச் சொன்ன தம்பி, அது நிலப்பட்டாவில் பதிவான குத்தகைக்குச் சரி. தஞ்சாவூர் சித்தப்பா கதையைச் சொன்ன அக்கா, அங்கே சட்டம் வேறு, தானோ குடும்பத்தாரோ உழைத்துப் பயிரிடும் வாரிசுக்குத் தொடருமாம்.

அம்மா பெயரில் நில அலுவலகத்தில் புதிய விண்ணப்பம் போட்டாச்சு, மரணச் சான்றிதழும் பழைய ரசீதுகளும் சேர்த்து. இன்னும் பதில் இல்லை. கத்தரி மட்டும் காய்த்துத் தொங்குகிறது.