நான்கரை வயது எலக்ட்ரிக் கார்: பேட்டரியைப் பார்க்காமலே சொன்ன விலை

கோவைக்காரர்
2021இல் 15 லட்சம் கொடுத்து 30 யூனிட் பேட்டரி கார் வாங்கினேன். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனேன். பார்க்க வந்தவர் டயரைத் தட்டினார், பெயின்ட்டைத் தடவினார், காரை ஆன்கூடச் செய்யவில்லை. "இது 30 யூனிட் சார், இப்ப 45 வந்தாச்சு" என்றார். ஆறேகால் லட்சமாம். பேட்டரியில் என்ன குறை என்று கேட்டேன், பதில் இல்லை. பொள்ளாச்சி போய்த் திரும்பினால் இன்றைக்கும் பாதி சார்ஜ் மிச்சம் இருக்கிறது. இதையா பழசு என்கிறார்கள்? மனசு ஆறவில்லை.

மதுரை அக்கா
என் ஸ்கூட்டர் பேட்டரி இரண்டே வருஷத்தில் போய்விட்டது தம்பி. எலக்ட்ரிக்கே வாங்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப் அண்ணன், சென்னை
அக்கா, அது லெட் ஆசிட் பேட்டரியாக இருந்திருக்கும். இது வேறு சாதி. தம்பியும் புதுசு வாங்கலாமா என்று கேட்கவில்லை.

தம்பி, பேட்டரி தேய்ந்து விலை குறைவது ஒன்று, புதிய கார் மலிவாகி விலை குறைவது இன்னொன்று. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. 2010இல் ஒரு யூனிட் பேட்டரி பேக் 1,000 டாலருக்கு மேல். 2024இல் உலகச் சராசரி 115 டாலர். அதே 30 யூனிட் கார் இன்று புதிதாக என்ன விலை?

கோவைக்காரர்
ஆன்ரோடு பன்னிரண்டரை.

ஒர்க்‌ஷாப் அண்ணன், சென்னை
அப்படியானால் அவர் சொன்னது அதில் சரிபாதி. 15 லட்சத்திலிருந்து இனி யாரும் கணக்குப் போட மாட்டார்கள், அந்த இரண்டரை லட்சம் போனது போனதுதான். ஆனால் இதே வயசு பெட்ரோல் காருக்கு நான் பார்த்தவரையில் பாதிக்கு மேலேயே கிடைக்கிறது. நடுவில் இருக்கும் வித்தியாசம் வாங்குபவரின் பயம். அதைக் கொஞ்சம் மீட்கலாம்.

உங்களுடையது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. அதில் நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், திரையில் காட்டும் சதவீதம் நாளாக நாளாகப் பிசகும். முதலில் இரண்டு தடவை 100 வரை ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் 10 சதவீதம் வரை ஓட்டி, 15 ஆம்பியர் பிளக்கில் சப்மீட்டர் போட்டு ராத்திரி முழுக்க ஏற்றுங்கள். மீட்டரில் எத்தனை யூனிட் என்று சொல்லுங்கள். இறங்கும்போது 20இலிருந்து திடீரென்று 8க்குக் குதித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏதோ செல் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

திருச்சி வாசகர்
இதெல்லாம் எதற்கு? உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்த சாலிட் ஸ்டேட் பேட்டரி வரப்போகிறது. வந்ததும் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒர்க்‌ஷாப் அண்ணன், சென்னை
வரும் என்பது சரி. ஆனால் புதிது எப்போதும் விலை கூடிய காரில்தான் முதலில் ஏறும். கழற்றி மாட்ட இது டார்ச் பேட்டரியும் இல்லை. பேக்கின் வடிவம், குளிரூட்டும் குழாய், அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எல்லாம் அந்த ஒரு காருக்காகச் செய்தவை.

யாழ்ப்பாணத்திலிருந்து
நாங்கள் 2015இல் ஜப்பானில் ஓடின கார் ஒன்றை எடுத்தோம். 24 யூனிட். பேட்டரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லை, காற்றுத்தான். எங்கட வெயிலில், பேட்டரியின் நலத்தைத் திரையில் காட்டும் 12 கோட்டில் இப்ப 7 கோடுதான் நிற்குது, 60 கிலோமீட்டர் ஓடும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட அது போதும். எனக்குக் கவலை வெளியில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் பிளக்தான். எங்கட சேடமோ பிளக்கைப் புதுக் கார்கள் கைவிட்டுக்கொண்டு வருகின்றன. பேட்டரி தேயமுதல் அதுதான் எங்களைப் பழசாக்கும் போல.

ஒர்க்‌ஷாப் அண்ணன், சென்னை
உண்மை. நல்லவேளை, கோவைத் தம்பியின் காரில் இருப்பது சிசிஎஸ்2 பிளக், இங்கே புதுக் கார்களுக்கும் அதுதான்.

கோவைக்காரர்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சதவீதம் எங்கும் குதிக்கவில்லை. 10இலிருந்து 100 ஏற, மீட்டரில் 29 யூனிட்.

ஒர்க்‌ஷாப் அண்ணன், சென்னை
சார்ஜரில் வெப்பமாகப் போவது சுமார் 13 சதவீதம் என்று வையுங்கள். உள்ளே போனது 25.2 யூனிட். அது 90 சதவீதத்துக்கு, அப்படியென்றால் முழுசுக்கு 28. முப்பதில் 28 என்றால் 93 சதவீதம். வீட்டுக் கணக்கு, இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கும். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் அச்சிட்டு வாங்கி, இதோடு காட்டுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல், நேரடியாக வாங்குபவரைத் தேடுங்கள்.

கோவைக்காரர்
தேடினேன் அண்ணா. உடுமலையிலிருந்து ஒருவர் வந்தார், தினமும் 70 கிலோமீட்டர் ஓட்டுபவர். மீட்டர் போட்டோவையும் ரிப்போர்ட்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஏழு லட்சம் சொன்னார். ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறார். எட்டு வருஷ பேட்டரி வாரண்டி பெயர் மாற்றியபிறகும் தொடருமா? சர்வீஸ் சென்டரில் வாயால் தொடரும் என்கிறார்கள். எழுத்தில் கேட்டு நான்கு நாள் ஆகிறது, இன்னும் வரவில்லை.