நாளைக்கு லாரி டிரைவர் இன்டர்வியூ, ரெஸ்யூம்ல என்ன போடுறது?

புதுக்கோட்டையான்: வணக்கம். நாளைக்குக் காலையில 10 மணிக்கு சிங்கப்பூர் துவாஸ்ல 14 அடி லாரி ஓட்டுற வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. ரெஸ்யூம் கேக்குறாங்க. என்கிட்ட இருக்கிறதுல “6 வருச அனுபவம், கடின உழைப்பாளி, விபத்து இல்லை” அவ்வளவுதான். இந்த மாசத்தோட வேலை பெர்மிட் முடியுது. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

தேக்கா மணி: லைசென்ஸ் கிளாஸ் 3னு மேல பெருசா போடுங்க தம்பி. வேற எதையும் பாக்க மாட்டாங்க. எனக்கெல்லாம் ரெஸ்யூமே இல்ல, லைசென்ஸைக் காட்டினேன், சாவியைக் குடுத்தாங்க.

பூன்லே செல்வி: மணி அண்ணே, அதுல பாதிதான் சரி. முதல்ல கார்டுல என்ன எழுத்து இருக்குன்னு பாக்கணும். ஊர் லைசென்ஸை மாத்தி வாங்கின பல பேருக்கு 3சி வந்திருக்கும். அது காருக்குத்தான், சரக்கு வண்டிக்கு ஆகாது. அதை வெறும் 3னு எழுதினா கார்டைக் காட்டுற இடத்துலயே முடிஞ்சிரும். 3ஏன்னா கியர் மாத்துற வண்டி கூடாது. ஊர்ல ஹெவி வச்சிருந்தாலும் இங்க கிளாஸ் 4னு போடக் கூடாது. தம்பி, கார்டுல என்ன இருக்கு? 6 வருசத்துல இங்க எத்தனை? சம்மன் ஏதாச்சும்?

ஜுரோங் பாய்: பெர்மிட் முடிஞ்சா என்ன, சாப்பாடு டெலிவரி செயலியில சேந்துருங்க.

பூன்லே செல்வி: பெர்மிட்காரங்க அதுல சேரவே முடியாது. ஆளை மாட்டி விடாதீங்க.

உட்லண்ட்ஸ் ராஜா: இந்த வேலையே வேணாம்பா. ஓட்டணும், மூட்டை இறக்கணும், பார்க்கிங் சம்மனும் நம்ம சம்பளத்துல. லோடிங் பேல இடம் இல்லன்னா எங்கதான் நிறுத்துறதாம்?

ஜுரோங் பாய்: உண்மை. அதுலயும் காண்டோ காவலாளி இருக்காரே...

புதுக்கோட்டையான்: அக்கா, கார்டுல கிளாஸ் 3தான். ஊர்ல 4 வருசம், இங்க 2 வருசம் 10 அடி லாரி. கிராஞ்சி கிடங்குல ஏத்தி உட்லண்ட்ஸ், ஈஷுன், அங் மோ கியோ வரைக்கும் டைல்ஸ். தினம் 12 இடம் இருக்கும். பார்க்கிங் சம்மன் 2 தடவை.

பூன்லே செல்வி: இதைத்தானே முதல்லயே சொல்லணும்! ரெஸ்யூம் ஆங்கிலத்துல போகட்டும், பொருளை மட்டும் சொல்றேன்.

முதல் வரி: சிங்கப்பூர் கிளாஸ் 3, எந்த மாசம் வாங்கினது, கியர் வண்டி ஓட்டுவேன். அடுத்து வேலை. “6 வருசம்”னு ஒட்டுமொத்தமா போட்டா ஆறும் இங்கயான்னு கேப்பாங்க, இல்லன்னதும் மத்த வரியையும் நம்ப மாட்டாங்க. இங்க 2, ஊர்ல 4ன்னு பிரிச்சு, இங்க உள்ளதை மேல வைங்க. ரூட்டை “தீவு முழுக்க”ன்னு எழுதாதீங்க. நீங்க இப்ப சொன்ன மாதிரியே கிடங்கு, மூணு பேட்டை, 10 அடி லாரி, டைல்ஸ், தினம் 12 இடம். கையெழுத்து வாங்கின டெலிவரி ஆர்டரை அன்னன்னிக்கே ஒப்படைச்சா அதையும் சேருங்க. “கடின உழைப்பாளி”யை எடுத்துட்டு, 2 வருசத்துல சொல்லாம எடுத்த லீவு எத்தனைன்னு போடுங்க. பூஜ்யம்னா பூஜ்யம். சூப்பர்வைசர் சம்மதிச்சா அவர் நம்பர்.

தேக்கா மணி: சம்மன் வாங்கினவர் எப்படி சுத்தமான ரெக்கார்டுன்னு எழுதுறது? பொய்யாயிடாதா?

பூன்லே செல்வி: அபராதம் வேற, டிமெரிட் புள்ளி வேற. சாதாரண பார்க்கிங் கட்டணச் சம்மனுக்குப் புள்ளி ஏறாது. ஆனா ஆபத்தான இடத்துல நிறுத்தி போக்குவரத்துப் போலீஸ் பிடிச்சா ஏறலாம். அதனால ஊகிக்காம, இன்னிக்கு ராத்திரியே சிங்பாஸ் வழியா போலீஸ் தளத்துல புள்ளியைப் பாருங்க. பூஜ்யம்னா “இந்தத் தேதி நிலவரப்படி டிமெரிட் புள்ளி 0”ன்னு தேதியோட எழுதுங்க. புள்ளி இருந்தா ரெஸ்யூம்ல வேணாம், கேட்டா மறைக்காம சொல்லுங்க. 24 மாசத்துல 24 புள்ளி சேந்தா லைசென்ஸே நிறுத்தப்படும்னு அவங்களுக்கும் தெரியும்.

உட்லண்ட்ஸ் ராஜா: எனக்குன்னா இருக்கிற புள்ளியையும் எழுதிடுவேன். பின்னாடி தெரிஞ்சா மோசம்.

பூன்லே செல்வி: அது உங்க இஷ்டம். இன்னொண்ணு, 14 அடின்னதும் கிளாஸ் 3 போதும்னு நினைக்காதீங்க. அளவு அடியில இல்ல, எடையில இருக்கு. காலி வண்டி எடை 2,500 கிலோவுக்குள்ள இருந்தாத்தான் சரக்கு வண்டிக்கு கிளாஸ் 3 செல்லும், அதுக்கு மேலன்னா கிளாஸ் 4. லாரிப் பக்கவாட்டுல அந்த எடை எழுதியிருக்கும். நாளைக்கு வண்டியைக் காட்டச் சொல்லி அதைப் படிங்க. “ஒரு நாள் ஓட்டிப் பாரு”ன்னா ஓட்டாதீங்க. புது முதலாளி பேர்ல பெர்மிட் வராம அவருக்கு ஒரு நடை ஓட்டினாலும் வேலை செஞ்சதா ஆயிடும். ரெஸ்யூம்ல எஃப்ஐஎன் அடையாள நம்பரையும் போடாதீங்க.

புதுக்கோட்டையான்: புள்ளி 0ன்னு காட்டுது அக்கா. ஆபீஸ்ல வண்டி எடை கேட்டு மெசேஜ் போட்டேன், இன்னும் பதில் இல்ல.

ஜுரோங் பாய்: இந்நேரத்துல யார் பதில் போடுவா. இப்ப உங்க பெர்மிட் எந்தத் துறை, கட்டுமானமா சேவையா?

புதுக்கோட்டையான்: கட்டுமானம் பாய்.

பூன்லே செல்வி: அப்ப ரெஸ்யூமை விட அதுதான் முதல் கேள்வி. புது கம்பெனி எந்தத் துறையில பெர்மிட் போடுது, அதுக்கு உங்களை எடுக்க முடியுமான்னு உள்ள போனதும் கேட்டுடுங்க. மனிதவள அமைச்சு நிபந்தனை துறைக்குத் துறை மாறும்.